17 சதவீதம்

பணியிட அறத்தைக் கல்லூரிகளில் ஒரு பாடமாகச் சொல்லித்தரும்போது மாணவிகளுக்கு வழக்கமாக ஒரு படிவரிசையைக் கொடுப்பார்கள். முதலில் நடந்ததை எழுது. யார் யாருக்கு இதில் பாதிப்பு என்று பட்டியலிடு. என்னென்ன வழிகள் உண்டு என்று பார். எந்த நெறி எதை ஆதரிக்கிறது என்று ஒப்பிடு. முடிவு செய், காரணம் சொல். இந்த வரிசையைக் குறை சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்து வேலை ஒன்றில் இதை வைத்துப் பார்த்தால் எந்தப் படி தாங்குகிறது, எது சறுக்குகிறது என்று தெரிந்துகொள்ள ஆசை, அவ்வளவுதான்.

நான் எடுத்துக்கொள்ளும் இடம் நேரடி நெல் கொள்முதல் நிலையம். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் நடத்துவது. அங்கே வேலை செய்பவர்களில் பலர் பருவகாலப் பணியாளர்கள்: பட்டியல் எழுத்தர், உதவியாளர், காவலர். சுமை தூக்குபவர்களுக்கு மூட்டைக் கணக்கில் கூலி. நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் வாங்கக் கூடாது என்பது விதி. மழைக்காலங்களில் மாநில அரசு தளர்வு கேட்கும், ஒன்றிய அரசு சில ஆண்டுகளில் கொடுக்கும். அந்த ஆணை வரும்வரை எழுத்தரின் கையில் இருப்பது 17 மட்டுமே. குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றன்மேல் ஒன்று வந்து விழும் ஊர் இது. 2025 அக்டோபரில் கொள்முதலுக்குக் காத்திருந்த நெல் குவியலிலேயே முளைத்ததை எல்லோரும் பார்த்தோம்.

இனி நான் சொல்லப்போவது எந்த ஒரு நிலையத்தில் நடந்ததும் அல்ல, யோசிப்பதற்காகக் கட்டிய ஒரு நிகழ்வு. ஆனால் இதன் ஒவ்வொரு துண்டும் டெல்டாவில் யாரைக் கேட்டாலும் சொல்லக்கூடியது.

அக்டோபர் மாதம், பிற்பகல். பட்டியல் எழுத்தர் ஒரு பெண். வாய்மொழிக் குத்தகையில் பயிர் செய்யும் இன்னொரு பெண் 60 மூட்டை நெல்லோடு காத்திருக்கிறார். கருவி 18.4 காட்டுகிறது. இந்த நிலையத்தில் மூட்டைக்கு 40 ரூபாய் என்று ஒரு ‘வழக்கம்’. சுமைக்காரர்களின் மேஸ்திரி வசூலிக்கிறார், பங்கு மேலேயும் போகிறது, எழுத்தருக்கும் ஒரு பங்கு உண்டு. கொடுத்தவர்களின் 18ம் 19ம் பதிவேட்டில் 17 ஆகிவிடும். இந்தப் பெண்ணிடம் 2,400 ரூபாய் இல்லை. “பார்த்துப் போட்டுக் குடும்மா, மானம் இருட்டுது” என்கிறார். மேஸ்திரி எழுத்தரைப் பார்க்கிறார்.

முதல் படி, நடந்ததை எழுதுவது. இதைத்தான் எல்லோரும் அவசரமாகக் கடக்கிறார்கள். 18.4 என்ற எண்ணே எப்படி வந்தது? குத்தூசியால் எந்த மூட்டையில், எந்த ஆழத்தில் எடுத்த நெல்? குவியலின் மேல்பக்கம் வெயில் பட்டு 16 காட்டலாம், தார்ப்பாயை ஒட்டிய அடிப்பக்கம் 20 காட்டலாம். ஆக, பணம் கைமாறுவதற்கு முன்பே, எங்கே குத்துவது என்பதிலேயே தயவு காட்டவும் பழி தீர்க்கவும் இடமிருக்கிறது. நான்கைந்து இடங்களில் எடுத்து, கலந்து, அவர் கண்முன் வைத்துப் பார்த்த அளவுதான் உண்மை என்ற பெயருக்குத் தகும். அப்படிப் பார்த்தும் 18.4 என்றே வைத்துக்கொள்வோம்.

அடுத்து, இந்தப் பணத்துக்குச் சொல்லப்படும் நியாயம். அதையும் உண்மைகளோடு சேர்த்தே எழுத வேண்டும். நெல் காய்ந்தால் எடை குறையும், கிடங்கில் குறைவு வந்தால் எழுத்தரிடம் பிடிப்பார்கள், அதை எங்கே போய் ஈடுகட்டுவது என்பார்கள். பிடித்தம் பற்றிய புகார் பொய்யில்லை, பருவகாலப் பணியாளர்கள் நெடுநாளாகச் சொல்லிவருவது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 18.4 சதவீத ஈரமுள்ள 40 கிலோ நெல், 17க்கு இறங்கும்போது ஏறத்தாழ 39.3 கிலோ ஆகும். மூட்டைக்கு முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 60 மூட்டைக்கு 40 கிலோ, அதாவது ஒரு மூட்டை. 2025–26இல் பொது ரகத்துக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். அந்த ஒரு மூட்டையின் விலை 1,000 ரூபாய். வசூலோ 2,400. ஈடு என்ற வாதம் பாதித் தொகைக்குக்கூட வரவில்லை.

இன்னொன்றும் இதிலேயே இருக்கிறது. 17 சதவீதத்தில் முறையாக வாங்கிய நெல்லும் கிடங்கில் மேலும் காயும், எடை குறையும். அந்தக் குறைவு தன் தவறில்லை என்று காட்ட எழுத்தருக்கு இருக்கும் ஒரே சான்று வாங்கிய அன்றைய ஈரப்பதப் பதிவு. 18.4ஐ 17 என்று எழுதிய கையால் அந்தச் சான்றைக் காட்ட முடியாது. பொய்ப் பதிவு பிடித்தத்திலிருந்து அவரைக் காப்பதில்லை, அதற்குள்தான் தள்ளுகிறது. பிறகு அந்தப் பயமே அடுத்த வசூலுக்குக் காரணமாகிறது.

பாதிக்கப்படுவோர் பட்டியலுக்கு வருவோம். விவசாயி, எழுத்தர், சுமைக்காரர்கள், கழகம், பின்னால் வரிசையில் நிற்பவர்கள், ரேஷன் அரிசி வாங்குபவர்கள். பாடநூலுக்கு இது போதும். ஆனால் இந்தப் பட்டியலில் ‘விவசாயி’ என்பவர் அடங்கலில் பெயர் உள்ளவர். நம் குத்தகைக்காரரின் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. தஞ்சை மாவட்டத்தில் கோயில், மடத்து நிலங்களிலும் தனியார் நிலங்களிலும் வாய்ச்சொல்லில் நடக்கும் குத்தகைகள் ஏராளம். குத்தகைப் பதிவுக்கு 1969இலேயே சட்டம் வந்தும் நிலை இதுதான். நில உடைமையாளரின் பெயரில் சிட்டா, அடங்கல் வாங்கி, அவர் வங்கிக் கணக்குக்குப் பணம் போய், அங்கிருந்துதான் இவருக்கு வர வேண்டும். பதிவேட்டின்படி இங்கே நின்று கெஞ்சும் பெண் யாருமே இல்லை. சுமைக்காரர்களும் ‘லஞ்சம் வாங்குபவர்கள்’ என்று ஒரே சொல்லில் அடங்கிவிடுபவர்கள் அல்ல. மழை பெய்தால் அன்று மூட்டை இல்லை, மூட்டை இல்லாவிட்டால் கூலி இல்லை.

வழிகள் என்ற படியில் வழக்கமாக இரண்டை எழுதுவார்கள்: 17 என்று எழுதி வாங்குவது, அல்லது திருப்பி அனுப்புவது. இங்கே கேரல் கில்லிகன் 1982இல் எழுதிய நூல் நினைவுக்கு வருகிறது. மனைவியின் உயிரைக் காக்க மருந்தைத் திருடலாமா என்ற கோல்பெர்க்கின் கேள்விக்கு, பதினோரு வயதுப் பெண் ஒருத்தி திருடக் கூடாது என்றாள், ஆனால் அதோடு நிற்கவில்லை. கடன் வாங்க முடியாதா, கடைக்காரரிடம் இன்னும் பேசிப் பார்க்க முடியாதா என்று யோசித்தாள். அளவுகோலில் அவளுக்கு மதிப்பெண் குறைந்தது. கேள்வியே இரண்டு கதவுகளோடு கட்டப்பட்டிருக்கிறது என்று அவள் கண்டுகொண்டதை அந்த அளவுகோலால் அளக்க முடியவில்லை என்பது கில்லிகனின் வாதம்.

நம் எழுத்தரும் மூன்றாவது கதவைத் தேடலாம். உள்ளதை உள்ளபடி எழுதி, நெல்லை நிராகரிக்காமல், நிலையத்துக் களத்திலேயே காயவைக்கச் சொல்லலாம். வரிசையில் அவர் இடத்தைக் காத்து, மீண்டும் அளந்து வாங்கலாம். வெயில் அடித்தால் அரை நாளில் இறங்கிவிடக்கூடிய ஈரம்தான் இது. இல்லாவிட்டால் மேலே புகார் எழுதலாம், லஞ்ச ஒழிப்புத் துறைக்கும் போகலாம். மூட்டைக்கு 30, 40 ரூபாய் என்று வாங்குவது பற்றிய வழக்கு 2020இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வரைக்கும் போனதுதான். புகார் எழுதினால், அடுத்த பருவத்துக்குத் தன்னை அழைக்காமல் விடுவார்கள் என்பது எழுத்தருக்குத் தெரியும். நிரந்தர அலுவலரும் இவரும் ஒரே பட்டியலைப் பார்த்தாலும், அதிலுள்ள வழி ஒவ்வொன்றும் இவருக்கு வேறு விலையில் கிடைக்கிறது. படிவரிசையில் இந்த விலையை எழுத ஒரு கட்டம் கிடையாது. நான் சேர்க்கச் சொல்வேன்.

நெறிகள் பக்கம் அதிகம் நிற்க வேண்டியதில்லை. பொய் எழுதக் கூடாது, எல்லோரையும் ஒன்றாக நடத்த வேண்டும், நலிந்தவருக்குத் தீங்கு குறைய வேண்டும். இவற்றில் நம்மை ஏமாற்றக்கூடியது இரண்டாவது. “காயவைத்து நாளைக்குக் கொண்டுவாருங்கள்” என்பது எல்லோருக்கும் ஒரே சொல்தான். ஆண் என்றால் குவியலுக்கு மேல் துண்டை விரித்துப் படுத்துவிடுவார். கழிப்பறை இல்லாத, விளக்கு இல்லாத இடத்தில் ஒரு பெண் இரவு தங்குவது எப்படி? தங்காமல் போனால் காலையில் எத்தனை மூட்டை இருக்கும்? ஒரே விதி இருவர் மீதும் ஒரே எடையில் விழவில்லை என்றால், அதைச் சமன் செய்யும் பொறுப்பு விதியை நடத்துபவருக்கு உண்டு.

எழுத்தர் எடுக்க வேண்டியது என்று நான் நினைக்கும் முடிவு இது. 18.4 என்றே எழுதுகிறார், தேதி, நேரத்தோடு. அதே எண்ணை ஒரு சீட்டில் எழுதி அந்தப் பெண்ணிடம் கொடுக்கிறார். அன்று முதல் யார் வந்தாலும் அளவைச் சத்தமாகச் சொல்லி, சீட்டும் தருகிறார். நெல்லைத் தார்ப்பாயால் மூடி, ‘60 மூட்டை, மறு அளவைக்கு’ என்று காவலர் பொறுப்பில் பதிந்து கையெழுத்து வாங்குகிறார். “நீங்க வீட்டுக்குப் போங்கக்கா. காலையில களத்துல கொட்டிக் கிளறுவோம். உங்களுக்கு அப்புறந்தான் அடுத்தவங்க” என்கிறார். தன் பங்கை வாங்குவதில்லை. மேஸ்திரியின் வசூலைத் தனியாக நின்று தடுக்க அவரால் முடியாது. ஆனால் வசூல் நடப்பதே ஈரப்பதம் விவசாயிக்குத் தெரியாமல் இருப்பதால்தான். 16.5 என்று சீட்டு வைத்திருப்பவரிடம் எதற்கு 40 ரூபாய் கேட்பது? கூடவே, கட்டாயத்தால் பணம் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் கொடுத்த குற்றம் அவர்மேல் வராது என்று 2018இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டம் சொல்வதை, கேட்பவர்களிடம் எடுத்துச் சொல்கிறார்.

கடைசிப் படி, காரணம் சொல்வது. யாரிடம் சொல்வது என்று பாடநூல் கேட்பதில்லை. மேலதிகாரிக்கு எழுதும் காரணம் எளிது, விதி எண்ணைக் குறிப்பிட்டால் போதும். இந்த முடிவால் இழக்கக்கூடியவரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிகிறதா என்பதுதான் என் சோதனை. “17ன்னு எழுதியிருந்தா இன்னிக்கே எடை போட்டிருப்பேன் அக்கா. நாளைக்குக் குறைவு வந்தா அதை வசூலிக்க உங்களை மாதிரி ஒருத்தரைத்தான் தேடணும். சீட்டு உங்க கையில இருக்கு. என்னை நாளைக்கு யாராவது மாத்தச் சொன்னாலும் என்னால மாத்த முடியாது.” இதை அவர் ஏற்கலாம். கோபத்தில் திட்டவும் செய்யலாம், அதற்கும் அவருக்கு உரிமை இருக்கிறது.

இரவு மழை பிடித்துக்கொண்டு மூன்று நாள் விடாமல் போனால்? தார்ப்பாய்க்கு அடியில் ஈரம் 20ஐத் தாண்டும், நெல் முளைக்கும். 17 என்று பொய் எழுதி வாங்கியிருந்தால் அந்த நெல் அவர் கணக்கில் தப்பியிருக்கும். இந்த இழப்பை முடிவின் சரியால் அழிக்க முடியாது. எழுத்தர் செய்யக்கூடியது, தினமும் அளந்து எழுதி, இத்தனை மூட்டை இந்தத் தேதியிலிருந்து இந்த ஈரத்தில் கிடக்கிறது, உலர்த்த வசதி இல்லை என்று மண்டல அலுவலகத்துக்கு எழுத்தில் அனுப்புவது. தளர்வு கேட்டு மாநிலம் டெல்லிக்கு எழுதும்போதும், ஆய்வுக்குழு மாதிரி எடுக்க வரும்போதும் பதிவேடுகளைத்தான் புரட்டுவார்கள். நிலையங்கள்தோறும் 17, 17 என்றே எழுதியிருந்தால், டெல்டாவில் ஈரமே இல்லை என்றுதான் அந்தப் பதிவேடுகள் சொல்லும்.