பெயருக்குப் பக்கத்தில் ஒரு வரி

சிவகாசியில் பி.காம். முடித்து, அங்கேயே ஒரு காலண்டர் அச்சகத்தில் இரண்டு வருடம் கணக்கு பார்த்த ஒரு பெண் சென்னையில் வேலை தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ரெஸ்யூமேயில் படிப்புக்கு நேரே ‘ANJAC’ என்று மட்டும் இருக்கிறது. வேலைக்கு நேரே, முதலாளியின் தாத்தா பெயரில் ஓர் அச்சகம். விருதுநகர் மாவட்டத்தில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சென்னை ஹெச்.ஆருக்கோ இரண்டுமே வெறும் பெயர்கள்.

முதலில் கல்லூரியைப் பார்ப்போம். ‘அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி (தன்னாட்சி), சிவகாசி, மதுரை காமராசர் பல்கலைக்கழக இணைப்பு’ என்று முழுதாக எழுத வேண்டும். தன்னாட்சிக் கல்லூரி தேர்வைத் தானே நடத்துகிறது. பட்டம் தருவது பல்கலைக்கழகம். இணைப்பைச் சொன்னால், பட்டம் யாருடையது என்பது ஹெச்.ஆருக்கு உடனே புரியும். அதற்காகக் கல்லூரியை விட்டுவிட்டுப் பல்கலைக்கழகத்தை மட்டும் எழுதக் கூடாது. பல்கலைக்கழக வளாகத்திலேயே படித்ததாக அர்த்தம் வரும். சான்றிதழைச் சரிபார்க்கும்போது சிக்கலாகும்.

அடுத்தது வேலை பார்த்த இடம். ஊரில் வழங்கும் பெயர் ஒன்று, சம்பளச் சீட்டிலும் பி.எஃப். கணக்கிலும் இருக்கும் பெயர் வேறொன்று என்பது சிறிய நிறுவனங்களில் சகஜம். பதிவான பெயரை முதலில் போட்டு, ஊரில் வழங்கும் பெயரை அடைப்புக்குறிக்குள் தரலாம். அதன் கீழே ஒரே ஒரு வரி: ‘காலண்டர், டைரி அச்சிடும் ஆஃப்செட் அச்சகம், 60 பேர் வேலை செய்யும் இடம், பல மாநிலங்களில் ஏஜென்டுகள்.’

இந்த வரி வந்ததும் அவர் பார்த்த வேலையின் கனமும் தெரிகிறது. சிவகாசியில் ஆடிப்பெருக்கை ஒட்டிப் புது வருடக் காலண்டர் ஆல்பம் வெளியாகும். அதிலிருந்து டிசம்பர் வரை ஆர்டர் குவியும். ‘சீசனில் ஏஜென்டுகளின் முன்பணம், பாக்கி, ஜி.எஸ்.டி. பில் எல்லாம் டேலியில் பார்த்தேன்’ என்று அவர் எழுதினால், எவ்வளவு நெருக்கடியில் கணக்கு பார்த்தவர் என்பது ஹெச்.ஆருக்குப் புரியும். வெறும் ‘அக்கவுண்டன்ட்’ என்ற சொல் அதைச் சொல்லாது.

விளக்கம் ஒரு வரியைத் தாண்டினால் நிறுவனத்தின் விளம்பரமாகிவிடும். ‘முன்னணி’, ‘புகழ்பெற்ற’ போன்ற அடைமொழிகளால் எந்தத் தகவலும் கிடைக்காது. முதலாளி வெளியே சொல்லாத வருட விற்றுமுதலையும் எழுத வேண்டாம். ஆள் எண்ணிக்கையே அளவைக் காட்டப் போதும்.

அனுப்பும் முன் ஒரு சோதனை. இந்த வரிகளை மட்டும் வேறு மாவட்டத்து நண்பர் ஒருவரிடம் காட்டுங்கள். பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்துடையது, அந்த நிறுவனம் என்ன செய்கிறது, எவ்வளவு பெரியது என்று கேளுங்கள். எந்தக் கேள்விக்கு அவர் தடுமாறுகிறாரோ, அந்த விவரத்தை இன்றே சேர்த்துவிடுங்கள்.