எந்தப் பாடம் முதலில்?

கோவைப் பொறியியல் கல்லூரிகளின் கணினியியல் மாணவர்கள் பயிலும் ஐந்து பாடங்களைப் புள்ளிகளாகக் கொண்டு, முன்தேவைப் பாடத்திலிருந்து அடுத்த பாடத்துக்கு அம்பு வரைந்தால், நிரலாக்கத்திலிருந்து தரவுக் கட்டமைப்புக்கும், அதிலிருந்து இயங்குதளத்துக்கும் அல்காரிதத்துக்கும், தனிநிலைக் கணிதத்திலிருந்து அல்காரிதத்துக்கும் அம்புகள் செல்லும். ஆர்தர் கான் 1962இல் வெளியிட்ட முறைப்படி, ஒவ்வொரு பாடத்துக்குள்ளும் நுழையும் அம்புகளை எண்ணி, எண்ணிக்கை சுழியமாக உள்ள பாடத்தை வரிசையில் சேர்த்து, அதிலிருந்து புறப்படும் அம்புகளை அழித்து, மீண்டும் சுழியத்தைத் தேட வேண்டும்; இதுவே இடவியல் வரிசையாக்கம் எனப்படும்.

நிரலாக்கத்தையும் தனிநிலைக் கணிதத்தையும் எடுத்தபின் தரவுக் கட்டமைப்பு சுழியமாகிறது. அதை எடுத்ததும் அல்காரிதம், இயங்குதளம் இரண்டுமே சுழியமாவதால் எதை முதலில் படித்தாலும் சரியே.

பாடத்திட்டக் குழு தவறுதலாக அல்காரிதத்திலிருந்து தரவுக் கட்டமைப்புக்கும் ஓர் அம்பு சேர்த்துவிட்டால், முதலிரு பாடங்களுக்குப்பின் சுழியமே கிடைக்காமல் மூன்று பாடங்கள் எஞ்சும். அவற்றுள் இயங்குதளம் குற்றமற்றது. அது தரவுக் கட்டமைப்பும் அல்காரிதமும் ஒன்றையொன்று எதிர்நோக்கும் சுழற்சியில் இல்லை, சுழற்சிக்குப் பின்னால் காத்திருக்கிறது, அவ்வளவே. இந்த வேறுபாட்டைக் கவனியாதோர் பிழையற்ற பாடத்தையே திருத்தப் புகுவதுண்டு. எஞ்சிய பாடம் ஒன்றிலிருந்து அழியாத அம்புகளின் வழியே பின்னோக்கிச் சென்றால், ஒருமுறை கடந்த பாடம் மீண்டும் எதிர்ப்படும். அவ்விரு வருகைகளுக்கும் இடைப்பட்ட அம்புகளில் ஒன்றையே நீக்க வேண்டும்.