முதல் போனிலேயே சொல்லுங்கள்!

பெங்களூருவிலிருந்து ரெக்ரூட்டர் கூப்பிடுகிறார். அனுபவம் கேட்கிறார், சம்பளம் கேட்கிறார், நோட்டீஸ் பீரியட் கேட்கிறார். கடைசியாக அந்தக் கேள்வி: "ரீலொகேட் ஆவீங்களா சார்?"

நீங்கள் இருப்பது மதுரையில். மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. அப்பாவுக்கு வாரம் 3 நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம்.

என்ன பதில் சொல்கிறீர்கள்? "பார்க்கலாம் மேடம்."

எதைப் பார்க்கப் போகிறீர்கள்?

தமிழ்நாட்டு ஆசிரியைக்குக் கர்நாடகத்தில் பணியிட மாறுதல் கிடைத்துவிடுமா? பழகிய டாக்டரையும் டயாலிசிஸ் மையத்தையும் விட்டுவிட்டு அப்பாவை 400 கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டு போவீர்களா? முடியாது என்று உங்களுக்கே தெரியும். பிறகு ஏன் இந்த மழுப்பல்?

பயம்! சொன்னால் வாய்ப்பு போய்விடுமே என்ற பயம்!

போகட்டும்! முதல் போனில் போனால் பத்து நிமிடம்தான் நஷ்டம். மூன்று ரவுண்டு முடித்து, ஆஃபர் வாங்கி, இருக்கிற வேலைக்கு ராஜினாமாவும் கொடுத்த பிறகு போனால்? 90 நாள் நோட்டீஸ் ஓடிக்கொண்டிருக்கும். கையில் எதுவும் இருக்காது!

அதனால் சொல்லுங்கள். மூன்றே வாக்கியம்: "மேடம், குடும்பப் பொறுப்பு இருக்கு, மதுரையை விட்டு மாற முடியாது. இந்த வேலை எனக்குப் பொருத்தமா இருக்கு. இங்கிருந்தே செய்ய வழி இருக்கா?"

மன்னிப்பு கேட்காதீர்கள்! என்ன தப்பு செய்தீர்கள்?

காரணம் கேட்டால் ஒரு வரி போதும். மனைவிக்கு அரசு வேலை, பெற்றோர் என் பொறுப்பில். அப்பாவின் மருத்துவக் கதையை விரிக்காதீர்கள். நீங்கள் அனுதாபத்துக்குச் சொல்வீர்கள். அவர் 'அடிக்கடி லீவு போடுவார்' என்று குறித்துக்கொள்வார்.

"இல்ல சார், இது ஹைப்ரிட்" என்கிறாரா? உடனே போனை வைத்துவிடுவீர்களா?

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தோற்கிறார்கள்! ரெக்ரூட்டர் சொல்வது பெரும்பாலும் அவர் கையில் இருக்கும் குறிப்பில் உள்ளதைத்தான். முடிவு எடுப்பவர் வேறு ஆள். அதனால் கேளுங்கள்: "இது கம்பெனி விதியா, டீம் மேனேஜர் விருப்பமா?"

மேனேஜர் விருப்பம் என்றால், அவரோடு பத்து நிமிடம் பேச நேரம் வாங்குங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள்: "அந்த டீமில் இப்போது யாராவது வெளியூரிலிருந்து வேலை செய்கிறார்களா?" ஒருவர் இருந்தாலும் கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம். யாருமே இல்லையா? முதல் ஆளாகச் சேர்பவருக்குப் பாதை கடினம். அதையும் தெரிந்துகொண்டே பேசுங்கள்.

கிளையன்ட்டுக்கென்று பூட்டிய அறைக்குள், ஓ.டி.சி.யில் மட்டுமே செய்ய வேண்டிய வேலை என்றால் அங்கே வாதாடாதீர்கள். ஒப்பந்தமே அப்படி. அப்போது கேள்வியை மாற்றுங்கள்: "உங்களுக்கு மதுரையில் கிளை இருக்கா?" இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் எல்காட் ஐ.டி. பூங்கா இருக்கிறது. கேட்காமலே இல்லை என்று நீங்களாக ஏன் முடிவு செய்கிறீர்கள்?

மேனேஜரிடம் வெறுங்கையோடு போகாதீர்கள். "மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நான்கு நாள் ஆபீஸ் வருகிறேன்" என்று திட்டத்தோடு போங்கள். ஆனால் அந்த நான்கு நாளும் அப்பாவை யார் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவார் என்று வீட்டில் பேசிவிட்டீர்களா? பேசிவிட்டு வாக்குக் கொடுங்கள்!

வாரா வாரம் ராத்திரி பஸ்ஸில் வந்துவிடுவேன் என்று வீரம் பேச வேண்டாம். இரண்டு மாதத்தில் உடம்பு காட்டிக்கொடுத்துவிடும்.

சம்பளத்தை நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம். அவர் கேட்பதற்கு முன்பே ஏன் விட்டுக்கொடுக்கிறீர்கள்?

ஒத்துக்கொண்டார்களா? துள்ளாதீர்கள், ஆஃபர் கடிதத்தைப் படியுங்கள்!

பணியிடம் என்ற இடத்தில் 'பெங்களூரு' என்று இருக்கிறதா? கையெழுத்துப் போடாதீர்கள். "அது சும்மா ஃபார்மாலிட்டி சார்" என்பார்கள். சும்மா என்றால் மாற்றிக் கொடுக்க வேண்டியதுதானே!

'எந்த அலுவலகத்துக்கும் மாற்றலாம்' என்ற பிரிவும் பெரும்பாலும் இருக்கும். அதை நீக்க மாட்டார்கள். அப்படியானால் ஹெச்.ஆரிடமிருந்து ஒரு மெயில் வாங்குங்கள்: மதுரையிலிருந்து வேலை, ஆபீஸ் வர வேண்டிய நாட்கள் இத்தனை, விதி மாறினால் முன்னறிவிப்பு இத்தனை நாள். 'இப்போதைக்கு' என்ற சொல் அதில் எட்டிப்பார்த்தால், எதுவரைக்கும் என்று கேளுங்கள்.

அந்த மெயில் வந்த பிறகுதான் ராஜினாமா. ஒரு நாள்கூட முன்னால் இல்லை!

வழியே இல்லை என்றுவிட்டார்களா? அன்றைக்கே ரெக்ரூட்டருக்கு இரண்டு வரி அனுப்புங்கள்: மதுரையிலோ ரிமோட்டிலோ வேலை வந்தால் கூப்பிடுங்கள். அவர் கையில் வேறு கம்பெனிகளின் காலியிடங்களும் இருக்கலாம்.

அப்புறம், வேலை தேடும் தளத்தில் உங்கள் பக்கத்தைத் திறங்கள். விருப்ப இடம் என்று பெங்களூரு, ஹைதராபாத், புனே எல்லாவற்றுக்கும் டிக் போட்டு வைத்திருக்கிறீர்களே, யார் போகப் போகிறார்கள்? எடுங்கள் அதை, இன்றைக்கே!