சுருக்கத்தின் நியாயம்

வழக்கைக் கேட்டுத் தீர்ப்பு எழுதுகிறவருக்கு உள்ள பொறுப்பு, நீண்ட கடிதப் போக்குவரத்தைச் சுருக்கி எழுதுகிறவருக்கும் உண்டு. தீர்ப்புக்காவது அப்பீல் இருக்கிறது. சுருக்கத்துக்கு அதுவும் இல்லை. புதிதாக வந்தவர் கீழே கிடக்கும் கடிதங்களைப் புரட்டமாட்டார். மேலே உள்ள பத்து வரிகளை நம்பிக் காரியத்தில் இறங்கிவிடுவார்.

வட்டக்கோட்டைப் பக்கம் கடலைப் பார்த்து ஒரு சிறு விடுதி கட்டுகிறார் என் நண்பர். ஜன்னல் கீல்களைப் பற்றி மட்டும் 27 மின்னஞ்சல்கள் போய் வந்திருந்தன. அதற்குள் சரக்கு அனுப்பும் கம்பெனியில் ஆள் மாறிவிட்டார். புதியவருக்கு எழுதிய பதிலின் தலைப்பில் நண்பர் வைத்த சுருக்கம் இது:

"முடிவானது: கடல் பக்கத்து 8 ஜன்னல்களுக்கு 48 கீல்கள், 316 ரக எஃகு, உப்புக் காற்றில் 304 ரகம் கறையேறிவிடும் என்பதால். மற்ற 10 ஜன்னல்களுக்கு 60 கீல்கள், 304 ரகம் (மார்ச் 14 கடிதம்). எல்லாம் 304 என்ற முதல் ஆர்டர் ரத்து. முடிவாகாதது: திருப்பி அனுப்பிய கீல்களின் லாரி வாடகை, 'பரிசீலிக்கிறோம்' என்று உங்கள் அலுவலகம் எழுதியது (மார்ச் 20). தங்களிடம் வேண்டுவது: 316 சரக்கு என்று புறப்படும் என்பதை ஏப்ரல் 4-க்குள் தெரிவிக்கவும்."

ரத்தான ஆர்டரை எதற்காகச் சொல்ல வேண்டும்? சொல்லாவிட்டால், அடியிலிருந்து படிக்கத் தொடங்குகிறவர் அதையே உயிருள்ள ஆர்டராக எடுத்துக்கொள்வார். காரணத்தை எதற்காகச் சேர்க்க வேண்டும்? இரண்டு ரகமும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். காரணம் தெரியாதவர், கையிருப்பில் உள்ள 304-ஐயே நல்லெண்ணத்தோடு அனுப்பிவிடுவார்.

நியாயம் சோதிக்கப்படுவது லாரி வாடகையில்தான். 'பரிசீலிக்கிறோம்' என்பதை 'ஏற்றுக்கொண்டீர்கள்' என்று மாற்ற ஒரு சொல் போதும். புதியவருக்கு முன்கதை தெரியாது, மறுக்கவும் மாட்டார். நண்பருக்கு அந்த ஆசை வந்தது. அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். பேரத்தில் விலையைக் குறைத்துக் கேட்பது வேறு. எதிராளி அறியாமல் அவர் வாயில் ஒரு சம்மதத்தை வைப்பது வேறு. முன்னதில் அவர் 'முடியாது' என்று சொல்ல இடமிருக்கிறது. பின்னதில் அந்த இடத்தையே பறித்துவிடுகிறோம்.

இதற்கு நான் அறிந்த சோதனை ஒன்றுதான். சுருக்கத்தைப் பழைய ஆளும் படித்தால், 'ஆம், நான் சொன்னது இதுதான்' என்பாரா? ஆகவே, அவர் இன்னும் அந்தக் கம்பெனியில் இருந்தால், அவருக்கும் ஒரு நகல் போகட்டும். 'பிழையிருந்தால் திருத்துங்கள்' என்று ஒரு வரியும் இருக்கட்டும்.

ஆனால் பழைய கடிதங்கள் அத்தனையையும் பதிலின் வாலில் தொங்கவிடுவது நேர்மை ஆகாது. நம் வீட்டுக்குள் பேசிக்கொண்ட விலைக் கணக்கும் அவற்றில் கலந்திருக்கலாம். அப்படியிருந்தால் புதுக் கடிதமாகவே எழுதி, மார்ச் 14, மார்ச் 20 கடிதங்களை மட்டும் இணைப்பது போதும். எதை மறைக்கலாம் என்பது நம் உரிமை. காட்டுவதைத் திரிக்கும் உரிமை மட்டும் நமக்கு இல்லை.