நிழலுக்கு விட்ட இடம்

ஜோனி மிட்செலின் 'ப்ளூ' இசைத்தட்டு 1971-இல் வெளிவந்தது. டிம் கான்சிடைன் எடுத்த படத்தை வைத்து கேரி பர்டன் அதன் உறையை வடிவமைத்தார். அதில் இருப்பவை ஒரு முகமும் ஒரு நிறமும்தான். நெற்றி, மூக்கு, உதடு என்று சில இடங்களில் மட்டும் வெளிச்சம் பட்டிருக்கிறது. மற்றதெல்லாம் கருநீலத்தில் கரைந்துவிட்டது. பாடகியின் கண்கள் நம்மைப் பார்க்கவில்லை.

அந்த நீலத்தின் வலிமை நீலத்தில் இல்லை என்பது என் எண்ணம். இன்றைக்கு யார் வேண்டுமானாலும் ஃபோட்டோஷாப்பில் `Gradient Map` திறந்து, இருண்ட முனைக்குக் கருநீலமும் வெளிர்முனைக்கு இளநீலமும் கொடுக்கலாம். முகத்துக்கு நேரே ஃப்ளாஷ் அடித்து எடுத்த படத்தில் அப்படிச் செய்தால் கன்னமும் நெற்றியும் பின்சுவரும் ஒரே நீலத் திட்டாகிவிடும். வண்ணம் ஏற்றுமுன் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, கட்டைவிரல் நகத்தளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். மூக்கும் உதடும் அப்போதும் பிடிபட்டால் அந்தப் படம் வண்ணத்தைத் தாங்கும். பிடிபடாவிட்டால் எந்த வண்ணமும் அதைக் காப்பாற்றாது.

ஆக, படம் எடுக்கும்போதே நிழல் பிறக்க வேண்டும். ஒரே ஒரு சிறிய விளக்கைப் பக்கவாட்டில், பாடகரின் முகத்திலிருந்து ஒரு மீட்டரில் வைப்போம். பின்சுவர் அதே விளக்கிலிருந்து மூன்று மீட்டரில் இருந்தால், முகத்தில் விழும் வெளிச்சத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான் சுவரைச் சேரும். முகத்துக்குச் சரியான அளவில் எடுத்தால் சுவர் தானாகவே இருண்டுவிடும். அதே பாடகர் சுவரில் சாய்ந்து நின்றால் சுவரும் முகத்தோடு சேர்ந்து வெளுக்கும். கறை, விரிசல், சுவிட்ச் பலகை எல்லாம் தெரியும்.

எழுத்துக்கு வேண்டிய இடம் அந்த இருட்டுதான். உறை சதுரம், பாடகரின் படமோ பெரும்பாலும் தலையை ஒட்டிய நெட்டுப்படமாக வருகிறது. சதுரமாக வெட்டினால் பெயருக்கு இடமில்லாமல், கடைசியில் கழுத்தின் மேலோ கூந்தல் இழைகளின் மேலோ எழுதுகிறார்கள். இழைகளுக்கு நடுவே எழுத்தின் விளிம்பு தொலைந்துபோகிறது. அதைச் சரிசெய்ய எழுத்துக்குப் பின்னால் ஒரு பட்டையைப் போடுவார்கள். அதோடு படத்தின் மனநிலை போய்விடும்.

இதையெல்லாம் யோசிக்க யோசிக்க எனக்கு ஒன்று தெளிவாகிறது. இருட்டை நாம் படத்தில் விடுபட்ட பகுதி என்று நினைக்கிறோம். உண்மையில் குரலுக்கு அந்த உறையில் கிடைக்கும் இடமே அதுதான். முகம் முழுவதும் வெளிச்சத்தில் தெரிந்தால் பாடகர் யாரென்று அறிந்துகொள்கிறோம், அவ்வளவே. பாதி மறைந்திருக்கும்போதுதான் மீதியைப் பாட்டில் தேடத் தோன்றுகிறது.

உறைக்காகப் படம் எடுத்துக்கொள்ளும் பாடகர்களிடம் ஒரு வேண்டுகோள். சுவரை விட்டு விலகி நில்லுங்கள். எழுத்து எந்தப் பக்கம் வரும் என்பதைப் படம் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்தப் பக்கம் இருட்டாகவே இருக்கட்டும்.