அமாவாசைக்கு ஒரு சூத்திரம்

"இதையெல்லாம் எதுக்குப் படிக்கணும்?" என்று கேட்கிற பையனுக்கு நம் வீடுகளில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். ஒன்று, "கேள்வி கேட்காம படி, பின்னாடி புரியும்." இன்னொன்று கொஞ்சம் நாகரிகமானது. அவனுக்குப் பிடித்த எதையாவது எடுத்துப் பாடத்தின் மேல் தூவிக் கொடுப்பது. கிரிக்கெட் பிடிக்கும் என்றால் ரன் கணக்கு, மீன் பிடிக்கும் என்றால் மீன் கணக்கு. முதல் பதில் முரட்டுத்தனமானது என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது பதிலுக்குள் இருக்கிற ஏமாற்று அவ்வளவு சீக்கிரம் கண்ணில் படாது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ராமேஸ்வரத்தில் நடந்த ஒரு வகுப்பிலிருந்து ஆரம்பிக்கலாம். அப்துல் கலாம் தன் உரைகளில் திரும்பத் திரும்பச் சொன்ன கதை இது. அவருக்கு அப்போது பத்து வயது இருக்கும், ஐந்தாம் வகுப்பு. சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர் கரும்பலகையில் ஒரு பறவையை வரைந்து, இறக்கை, வால், உடம்பு என்று பிரித்துக் காட்டி, பறவை எப்படிப் பறக்கிறது என்று விளக்கினார். முடித்துவிட்டுப் "புரிந்ததா?" என்று கேட்டபோது, கலாம் புரியவில்லை என்றார். மற்ற பிள்ளைகளில் பலருக்கும் அதே நிலைதான். ஐயர் கோபித்துக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலம் மொத்த வகுப்பையும் கடற்கரைக்கு அழைத்துப் போனார். கூட்டமாகப் பறந்த கடற்பறவைகளைக் காட்டி, இறக்கை எப்போது அடிக்கிறது, திரும்பும்போது வால் என்ன செய்கிறது என்று பார்க்கச் சொன்னார். கலாம் பிறகு திருச்சியில் இயற்பியலும் சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியலும் படித்ததற்கு அந்தச் சாயங்காலத்தைத்தான் காரணமாகச் சொன்னார்.

இந்தக் கதையை நாம் வழக்கமாக 'நல்ல ஆசிரியர்' கதையாகக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் ஐயர் செய்ததில் கவனிக்க வேண்டியது வேறு. ராமேஸ்வரம் தீவில் வளரும் பிள்ளைக்குக் கடற்பறவை புதிதல்ல. தினமும் பார்த்ததுதான். பாடத்தைச் சுவையாக்க அவர் வெளியிலிருந்து எதையும் கொண்டுவரவில்லை. பிள்ளைகள் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்த ஒன்றுக்குள் அந்தப் பாடம் இருந்தது. அவர் அதைச் சுட்டிக்காட்டினார், அவ்வளவுதான்.

இதைப் பிரித்தறிய நான் ஒரு சின்னச் சோதனை வைத்திருக்கிறேன். மாங்காய்ச் சோதனை என்று வைத்துக்கொள்வோம். 'ஒரு மீனவர் 48 மீன்களை 6 கூடைகளில் சமமாகப் போட்டார், ஒரு கூடைக்கு எத்தனை?' என்று ஒரு கணக்கு. இதில் மீனை எடுத்துவிட்டு மாங்காயைப் போடுங்கள். கணக்கில் ஏதாவது மாறியதா? இல்லை. அப்படியென்றால் மீன் அங்கே வேலை எதுவும் செய்யவில்லை, ஒட்டப்பட்டிருக்கிறது. ஐயரின் வகுப்பில் பறவையை எடுத்துவிட்டு மாங்காயை வைக்க முடியாது. வைத்தால் பாடமே இல்லை.

அமெரிக்கத் தத்துவவாதி ஜான் டூயி 1913இல் வெளியிட்ட 'கல்வியில் ஆர்வமும் முயற்சியும்' என்ற சிறிய நூலில் ஏறக்குறைய இதைத்தான் வாதிடுகிறார். ஒரு பாடத்தைச் 'சுவாரசியமாக ஆக்க' வேண்டியிருக்கிறது என்றால், அதில் சுவாரசியம் இல்லை என்று நாமே முதலில் ஒப்புக்கொண்டுவிட்டோம். பிறகு பூசுகிற சர்க்கரையைப் பிள்ளை நக்கிக்கொள்ளும், மாத்திரையைத் துப்பிவிடும். அடித்துப் படிக்கவைப்பவரும் சர்க்கரை பூசுபவரும் எதிரெதிர் ஆட்கள் மாதிரித் தெரிந்தாலும், பாடத்துக்கும் பிள்ளைக்கும் சம்பந்தமில்லை என்பதில் இருவருக்கும் கருத்து ஒன்றுதான்.

சரி, ஒட்டாத இணைப்பு எப்படி இருக்கும்? அதே கடற்கரையில் ஒன்றைச் செய்து பார்ப்போம்.

பாம்பனில் ஒரு மீனவர் வீட்டுப் பையன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். முக்கோணவியல் அவனுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. குறிப்பாக, கூட்டலைப் பெருக்கலாக மாற்றுகிற இந்த வகைச் சூத்திரங்கள்:

```
cos A + cos B = 2 cos((A+B)/2) cos((A−B)/2)
```

நானும் பொறியியல் படிக்கும்வரை இதை மனப்பாடம் செய்தவன்தான். இரண்டு விஷயத்தைக் கூட்டினால் எதற்காக இரண்டு வேறு விஷயத்தின் பெருக்கலாக எழுத வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் அந்தப் பையனுக்குக் கடல் தெரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் இழுக்கும், தண்ணீர் அதிகம் ஏறும், அதிகம் வற்றும். அஷ்டமி பக்கம் கடல் மந்தமாக இருக்கும். இது அவன் வீட்டில் யாரும் உட்கார்ந்து கற்றுக்கொடுத்ததல்ல, காதில் விழுந்தே வந்த அறிவு.

இப்போது கணக்கு. கடல் ஏறி இறங்குவதை ஓதம் என்கிறோம். அதை உண்டாக்குவது நிலாவும் சூரியனும். சூரியனால் வரும் ஏற்றம் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை வரும். நிலா நகர்ந்துகொண்டே இருப்பதால் அதன் ஏற்றம் சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை வரும். அதாவது ஒவ்வொரு முறையும் நிலாவின் ஏற்றம் சூரியனின் ஏற்றத்தைவிட 25 நிமிடம் பின்தங்குகிறது. இரண்டும் ஒன்றாகக் கிளம்பினால், மறுபடி எப்போது ஒன்றுசேரும்? நிலா ஒரு முழுச் சுற்று, அதாவது 720 நிமிடம், பின்தங்கியபோது. 720ஐ 25ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 29 ஏற்றங்கள். நிமிடத்தின் பின்னங்களையும் சேர்த்துத் துல்லியமாகப் போட்டால் 28.5 ஏற்றங்கள், அதாவது 14 முக்கால் நாள். அமாவாசையிலிருந்து பௌர்ணமிக்கு எத்தனை நாள்? அதே 14 முக்கால். பையன் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவான் என்று நினைக்கிறேன்.

சூத்திரத்துக்கு வருவோம். இடதுபக்கம் இருப்பது நிலாவின் அலையும் சூரியனின் அலையும், தனித்தனியாக. வலதுபக்கத்தில் முதல் துண்டு வேகமாக ஆடுவது, சுமார் 12 மணி 12 நிமிடத்துக்கு ஒருமுறை. அது நாளுக்கு இரண்டுமுறை கரையில் தெரிகிற ஏற்ற இறக்கம். இரண்டாவது துண்டு மிக மெதுவாக ஆடுவது. வேகமான ஆட்டம் இன்று எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அதன் முழுச் சுற்று எவ்வளவு என்று கணக்குப் போட்டால் 29 அரை நாள் வருகிறது. ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை! அந்தத் துண்டு ஒரு சுற்றில் ஒருமுறை உச்சிக்கும் ஒருமுறை அடிமட்டத்துக்கும் போகிறது. இரண்டிலும் ஆட்டம் பெரிதுதான். அதனால்தான் மாதத்தில் இரண்டுமுறை கடல் பெரிதாக ஏறுகிறது. நடுவில் இரண்டுமுறை அது பூச்சியத்தைக் கடக்கிறது. அவை இரண்டு அஷ்டமிகள். கூட்டலைப் பெருக்கலாக எதற்கு மாற்ற வேண்டும் என்றால், இதற்குத்தான். கூட்டலில் ஒளிந்திருந்த அமாவாசை பெருக்கலில் வெளியே தெரிகிறது.

மாங்காய்ச் சோதனையை இங்கே போட்டுப் பாருங்கள். கடலுக்குப் பதில் மாங்காயை வைக்க முடியாது. ஆனால் நாதஸ்வரத்தை வைக்கலாம். சுருதி மயிரிழை பிசகிய இரண்டு நாதஸ்வரங்கள் ஒரே ஸ்வரத்தைப் பிடிக்கும்போது ஒலி ஏறி இறங்கித் துடிப்பதும் இதே சூத்திரம்தான். எதை வேண்டுமானாலும் மாற்றிவைக்க முடிந்தால் இணைப்பு ஒட்டு. ஒரே அமைப்பு உள்ளவற்றை மட்டும் மாற்ற முடிந்தால் இணைப்பு உண்மை.

இத்தோடு நிறுத்தினால் இதுவும் ஒரு சர்க்கரைப் பூச்சாகிவிடும். ஏனென்றால் சூத்திரம் சொன்னபடி அஷ்டமியன்று கடல் அசையவே கூடாது. இரண்டாவது துண்டு பூச்சியமாயிற்றே. ஆனால் பையனுக்குத் தெரியும், அஷ்டமியன்றும் தண்ணீர் ஏறத்தான் செய்கிறது, கம்மியாக. "இது தப்பு சார்" என்று அவன் சொன்னால், அவன் சொல்வது சரி. சூத்திரம் இரண்டு அலைகளும் சம உயரம் என்று எடுத்துக்கொண்டது. உண்மையில் நிலாவின் பங்கு சூரியனுடையதைப்போலத் தோராயமாக இரண்டு மடங்கு. அமாவாசையன்று 2+1, அஷ்டமியன்று 2−1. ஆகவே மூன்றில் ஒரு பங்கு மிஞ்சுகிறது. கடலைப் பார்த்திராத மாணவன் சூத்திரத்தை அப்படியே நம்பியிருப்பான். இவனுடைய ஆர்வம் பாடத்தைத் திருத்தியது.

பாடமும் பதிலுக்கு அவனைத் திருத்தும். அதிகபட்ச ஏற்றம் சரியாக அமாவாசையன்றே வரும் என்று அவன் நினைத்திருக்கலாம். பல கரைகளில் அது ஒன்றிரண்டு நாள் தள்ளித்தான் வருகிறது. பாம்பன் பக்கம் ஓதம் பொதுவாக ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடுகிற சின்ன ஓதம். இப்படிப்பட்ட இடத்தில் வாடைக்காற்று தள்ளிக்கொண்டுவரும் தண்ணீர் நிலாவின் கணக்கையே குழப்பிவிடும். ஒரே நாளில் தீவின் வடக்கே பெண்கடல் ஒரு மாதிரியும் தெற்கே ஆண்கடல் வேறு மாதிரியும் இருப்பதற்கு cos A, cos B இரண்டும் போதாது.

இங்கேதான் இந்த விஷயத்தில் இருக்கிற அறக்கேள்வி வருகிறது என்று நினைக்கிறேன். எனக்குப் பிடித்ததன் வழியாகத்தான் எதையும் படிப்பேன் என்பது நேர்மையான நிலைப்பாடா? உலகம் என் ரசனைக்குள் வந்தால் வரட்டும், இல்லாவிட்டால் வேண்டாம் என்பது ஒரு வகைத் திமிர்தானே?

ஐரிஸ் மர்டாக் 1970இல் வந்த 'நன்மையின் இறையாண்மை' நூலில் ரஷ்ய மொழி கற்பதை உதாரணமாகச் சொல்கிறார். ஒரு மொழியைப் படிக்கும்போது என் விருப்பத்தைச் சட்டை செய்யாத ஓர் அமைப்பின் முன் நிற்கிறேன். அது எனக்காக வளையாது. அதற்கு நான் கொடுக்கிற கவனத்துக்குக் கிடைக்கும் பலன், என்னைத் தவிர வேறொன்றும் இருக்கிறது என்ற அறிவு. அவர் சொல்வதை ஏற்றுக்கொண்டால், ஆர்வத்தோடு இணைப்பதற்கு ஒரு நிபந்தனை வந்துவிடுகிறது. கூட்டிக்கொண்டுவந்த ஆர்வத்தையே "நீ நினைத்தது தப்பு" என்று சொல்ல அந்தப் பாடத்துக்கு இடம் இருக்க வேண்டும். கூடையில் மீன் போடும் கணக்கு யாரையும் எதிலும் மறுக்காது. அதனால்தான் அது சுவாரசியமாகவும் இல்லை. ஓதக் கணக்கு மறுக்கிறது.

அமாவாசைக்குப் பிறகு ஏன் ஒன்றிரண்டு நாள் தாமதம் என்று பாம்பன் பையன் கேட்டால், அதற்கான பதிலில் கடலின் ஆழம், கரையின் வடிவம், உராய்வு எல்லாம் வரும். அவற்றை எழுதிப் பார்க்க வகைக்கெழுச் சமன்பாடுகள் வேண்டும். அது பன்னிரண்டாம் வகுப்பில் வருகிறது, அதுவும் போரடிக்கும் பாடம்தான். ஆனால் இந்தமுறை "எதுக்குப் படிக்கணும்" என்று அவன் கேட்கமாட்டான். அவனிடம் இப்போது அதைவிடக் கறாரான ஒரு கேள்வி இருக்கிறது.