எடுத்துக் கொடுக்காதீர்கள்

பேசிக்கொண்டிருப்பவருக்கு ஒரு சொல் வராமல் நின்றுவிட்டால் பக்கத்தில் இருப்பவர்களால் சும்மா இருக்க முடிவதில்லை. "இதுவா? அதுவா?" என்று கைக்குக் கிடைத்த சொல்லையெல்லாம் அள்ளிப் போடுகிறோம். உதவி செய்வதாகத்தான் நினைப்பு. ஆனால் சொல் மறந்தவருக்கு இதைவிடப் பெரிய இடைஞ்சல் இல்லை என்பது என் முடிவு. எங்கள் பெரியம்மா ஒரு சொல்லுக்குத் திண்டாடியதைக் கூட இருந்து பார்த்ததில் இது உறுதிப்பட்டது.

பெரியம்மா வெள்ளகோவில் பக்கத்துக் காட்டில் பண்ணையம் பார்த்தவர். இப்போது சரவணம்பட்டியில் மகன் வீட்டில் இருக்கிறார். பேத்தியின் வங்கிக் கணக்கைப் பற்றிப் பேச்சு வந்தபோது சொன்னார்: "எங்க காலத்துல பேங்க் ஏது கண்ணு. பொம்பளைங்க சேத்தி வெப்பாங்களே, அதென்னமோ சொல்லுவாங்க... வாய்க்குள்ளயே நிக்குது, வரமாட்டீங்குது."

சுற்றி இருந்தவர்கள் தொடங்கிவிட்டார்கள். சேமிப்பா? இல்லை. உண்டியலா? இல்லை. சீட்டா? இந்த மூன்றாவதில்தான் கெட்டது. "சீட்டு இல்லை, ஆனா அந்த மாதிரித்தான்" என்றவர், அதற்குப் பிறகு எப்போது முயன்றாலும் சீட்டு, சீட்டு என்றே சொல்லிக்கொண்டிருந்தார். தேடிய சொல் வர வேண்டிய இடத்தில் சீட்டு வந்து உட்கார்ந்துகொண்டது.

இது முதுமையின் கோளாறு அல்ல. 1966இல் ஹார்வர்டில் ராஜர் பிரவுன், டேவிட் மெக்நீல் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடமே இதைச் சோதித்தார்கள். அரிய சொற்களின் பொருளை வாசித்துக் காட்டி, சொல்லைக் கேட்டார்கள். சொல் வராமல் தவித்தவர்களில் பலருக்கு அதன் முதல் எழுத்து தெரிந்திருந்தது. எத்தனை அசை என்றும் சொல்ல முடிந்தது. அப்படித் தவிக்கும்போது மனத்தில் வந்து விழுந்த வேறு சொற்களில், பொருளால் நெருங்கியவற்றைவிட ஒலியால் நெருங்கியவை மிகுதி. பின்னால் ஆராய்ந்தவர்கள், இப்படி இடையில் புகும் சொல் ஒன்று திரும்பத் திரும்ப வந்து தொல்லை கொடுப்பதையும் குறித்துவைத்தார்கள். சீட்டு அப்படிப்பட்டது. பொருளிலும் பக்கம், ஒலியிலும் பக்கம், அதனால்தான் ஒட்டிக்கொண்டது.

ஆகவே சொல்லைக் கொடுக்காமல் கேள்வி கேட்க வேண்டும். அதிலும் "அப்படின்னா என்னங்க அர்த்தம்?" என்று கேட்டுப் பயனில்லை. அர்த்தம் அவருக்குத் தெரிந்ததுதான். அதைத் திரும்பச் சொல்லச் சொன்னால் "சேத்தி வெக்கற காசு" என்ற பழைய இடத்துக்கே வருவார். பக்கத்துச் சொற்களிலிருந்து அது எங்கே பிரிகிறது என்பதைக் கேட்க வேண்டும்.

"அந்தக் காசு எங்கிருந்துங்க வரும்?" என்றேன்.

"எருமை மோரு விப்போம், கோழிமுட்டை விப்போம். நெய் உருக்குனா அதுல கொஞ்சம்."

இந்த ஒரு பதிலில் நிறையச் சொற்கள் கழிந்தன. தாய் வீட்டிலிருந்து வந்ததில்லை என்பதால் சீதனம் இல்லை. கணவர் கொடுத்ததில்லை என்பதால் கைச்செலவுக் காசும் இல்லை. சேர்த்தவளின் கைப்பாட்டில் வந்த காசு. அடுத்து, அது வீட்டு ஆண்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். பெரியம்மா சிரித்தார். "தெரியும் சாமி. தெரியாத மாதிரி இருந்துக்குவாங்க." எனவே அது ஒளித்துவைத்த திருட்டுக் காசும் அல்ல. ஊரறிந்த இரகசியம். எந்த அகராதியும் இப்படி ஒரு விளக்கம் எழுதாது. ஆனால் அந்தச் சொல்லின் பாதிப் பொருள் இதில்தான் இருக்கிறது.

அளவையும் பார்த்துவிடலாம் என்று, ஐம்பதாயிரம் சேர்ந்தால் அப்போதும் அதே பெயர்தானா என்றேன். "அது பணமாச்சே! இது சில்லறை" என்றார். 'சில்' என்ற ஒலி வந்ததைக் கவனித்தேன். தேடும் சொல்லின் முதலெழுத்து, தேடுபவருக்கே தெரியாமல் பக்கத்துச் சொற்களில் எட்டிப் பார்ப்பதுண்டு.

எனக்குச் சொல் பிடிபட்டுவிட்டது. சொல்லவில்லை. கேட்க வேண்டியவற்றில் முக்கியமானவை இன்னும் மிச்சமிருந்தன. என்ன பொருள் என்பது ஒரு பாதி. யார் வாயில் வரும், எந்த இடத்தில் வரும் என்பது மறு பாதி. பொருள் பொருந்தியும் வழக்குப் பொருந்தாத சொல்லை எடுத்துக் கொடுத்தால் மரியாதைக்கு ஏற்றுக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவார்கள். 'சிறுசேமிப்பு' என்று நான் சொல்லியிருந்தால் பெரியம்மா தலையாட்டியிருப்பார். அது அஞ்சலகத்துச் சொல், படித்தவர் சொல் என்பதால் எதிர்த்துச் சொல்லியிருக்கமாட்டார்.

அதனால் இப்படிக் கேட்டேன்: பத்திரத்தில் எழுதுவார்களா? மாட்டார்கள். ஆம்பளை சேர்த்தால் அந்தப் பெயர் உண்டா? "கேலிக்கு வேணா சொல்லுவாங்க." வசவா? இல்லை. பாசமா? அதுவும் இல்லை. சரி, யார் யாரிடம் அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள், சொன்ன மாதிரியே ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள் என்றேன்.

பெரியம்மாவுக்கு அவருடைய அய்யன் ஞாபகத்துக்கு வந்தார். விதை வாங்கக் காசு பற்றவில்லை; அம்மாவிடம் கேட்கிறார். கொஞ்சம் தயக்கமும் கொஞ்சம் அதிகாரமும் கலந்த அந்தக் குரலையே எடுத்துக்கொண்டு பெரியம்மா சொன்னார்: "ஏம்புள்ள, உன்ற சிலுவாட்டுல இருந்து அஞ்சு ரூவா குடு, பருத்தி வித்ததும் தந்தர்றேன்."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னதை உணர்ந்தார். "ஆ... சிலுவாடு! சிலுவாடு!"

சொல் தனியாக வரவில்லை. 'சிலுவாட்டுல' என்று வேற்றுமையோடு, வாக்கியத்துக்குள் இருந்தபடியே வந்தது. அகராதியில் இருப்பதுபோல் எழுவாயாகத் தேடியவரைக்கும் கிடைக்காதது, புழங்கிய வாக்கியத்தை எடுத்ததும் கூடவே வந்துவிட்டது. சொல் மறந்தவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால் நான் இதைத்தான் கேட்பேன்: அதை வைத்து யார், என்ன சொன்னார்கள்?

பொருளிலிருந்து சொல்லுக்குப் போகும் வழி நமக்குப் புதிதல்ல. அகர வரிசை வருவதற்கு முன் நம் நிகண்டுகள் அப்படித்தான் இருந்தன. திவாகரத்தின் பன்னிரண்டு தொகுதிகளில் தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் என்று பொருளை வைத்து உள்ளே நுழையலாம். வீரமாமுனிவர் 1732இல் தொகுத்த சதுரகராதியின் நான்கு பகுதிகள் பெயர், பொருள், தொகை, தொடை. பொருள் தெரிந்து சொல் தெரியாதவருக்கு ஒரு பகுதி. ஒலி மட்டும் நினைவிருப்பவருக்கு எதுகையை வைத்துத் தேட இன்னொரு பகுதி. பிரவுனும் மெக்நீலும் பிரித்துக் காட்டிய இரண்டு வாசல்களையும் அந்தப் பாதிரியார் நூலாகவே கட்டி வைத்திருந்தார்.

ஆனால் நிகண்டில் ஒரு குறை உண்டு. ஒரு பொருளுக்குரிய பெயர்களை வரிசையாக அடுக்கிவிட்டுப் போய்விடும். அந்தப் பெயர்களில் எது சந்தைக்கு உரியது, எது செய்யுளுக்கு உரியது, எது மாமியார் முன் சொல்லத் தகாதது என்று சொல்லாது. 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதிதான் பேச்சு வழக்கு, உயர் வழக்கு, வட்டார வழக்கு என்று குறியிட்டுக் காட்டிப் பழக்கியது. எங்கள் பகுதிக்கென்று பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000இல் வந்தது. அருமையான வேலை. என்றாலும் அதுவும் அகர வரிசைதான். சொல் தெரிந்தவருக்குத்தான் கதவு திறக்கும். மறந்தவருக்கு இன்றும் எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்க ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் எவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்பதற்கும் எல்லை இருக்கிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆமி பெத் வாரினர், கேரின் ஹம்ப்ரீஸ் என்ற இருவர் 2008இல் வெளியிட்ட ஆய்வு, சொல் வராமல் தவித்த நேரம் கூடினால் அடுத்த முறையும் அதே சொல்லில் தவிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்றது. தவிப்பே பழகிவிடுகிறது. ஆகவே, தானாக வரட்டும் என்று வயதானவரை வியர்க்க விடுவது குருகுலத்து முறுக்கே தவிர உதவி அல்ல. கேள்விகளுக்குப் பதில் உற்சாகமாக வரும்வரை கேட்கலாம். பதில் சுருங்கி, முகம் சுண்டினால் முதல் எழுத்தை மட்டும் கொடுக்கலாம். "சி-யில தொடங்குமுங்களா?" அதற்கும் வரவில்லையென்றால் சொல்லையே சொல்லிவிட வேண்டும்.

சொல்லிய சொல் சரிதானா என்று தெரிந்துகொள்வது கடினமில்லை. சரியான சொல் காதில் விழுந்ததும் மறந்தவர் அதைத் தம் வாயால் திரும்பச் சொல்வார். சொல்லிவிட்டு அந்தச் சொல் சம்பந்தப்பட்ட ஏதாவது ஒரு பழைய சங்கதிக்குப் போய்விடுவார். "ஆமா, அப்படித்தான் வெச்சுக்கோயேன்" என்றால் அது இல்லை. சற்று நேரத்தில் மறுபடி விவரிக்கத் தொடங்கினாலும் இல்லை.

கோவையில் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்வது நல்லது. இங்கே வீட்டுக்குள் தெலுங்கு பேசும் குடும்பங்களும், தறிக்காரர்களிடையே கன்னடம் பேசும் குடும்பங்களும் ஏராளம். மில்லில் ஆயுளைக் கழித்தவர்களின் பேச்சில் தொழிற்சாலை ஆங்கிலம் தமிழாகவே ஆகியிருக்கும். தமிழில் எவ்வளவு துழாவினாலும் அகப்படாத சொல், "அது உங்க ஊட்டுப் பேச்சுங்களா, வெளிப் பேச்சுங்களா?" என்று கேட்ட மாத்திரத்தில் அகப்படுவதுண்டு. திருமணமாகி வந்த பெண்களிடம், பிறந்த ஊர்ச் சொல்லா புகுந்த ஊர்ச் சொல்லா என்று கேட்க வேண்டும். பத்து மைல் தள்ளி வேறு பெயர் இருக்கும்.

இந்தச் சொல்லை அச்சிட்ட அகராதியில் தேடுபவர்கள் 'சிலுவாடு' என்று தேடிவிட்டு இல்லையென்று மூடிவிட வேண்டாம். 'சிறுவாடு' என்ற வடிவத்தில் பாருங்கள்.